சராசரி 120 எஃப்பிஎஸ், ஆனாலும் வெட்டி வெட்டி ஓடுகிறதா? ஷேடர் கம்பைல் ஸ்டட்டரை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

நல்ல கிராபிக்ஸ் கார்டு. திரை மூலையில் எஃப்பிஎஸ் எண் 115, 120 என்று ஓடுகிறது. ஆனால் முதல் குண்டு வெடிக்கும்போதும், புது அறையின் கதவைத் திறக்கும்போதும், புது எதிரி எட்டிப் பார்க்கும்போதும் படம் ஒரு கணம் உறைந்து நிற்கிறது. செட்டிங்கை அல்ட்ராவிலிருந்து லோவுக்கு இறக்கினால் எண் 180 ஆகிறது. உறைவது மட்டும் அப்படியே இருக்கிறது.

பெரும்பாலும் இதற்குக் காரணம் ஷேடர் கம்பைல். ஆனால் இதே போலத் தெரிகிற வேறு கோளாறுகளும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் எந்த வகை என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

சராசரி எண் ஏன் காட்டிக்கொடுப்பதில்லை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 8.33 மில்லி செகண்டு. ஒரு நிமிடம் விளையாடுகிறீர்கள். அதில் பத்து இடங்களில் மட்டும் ஒரு ஃபிரேம் 100 மில்லி செகண்டு எடுத்துக்கொண்டது. மொத்தம் ஒரு செகண்டு போய்விட்டது. மீதி 59 செகண்டில் 7,080 ஃபிரேம், அந்தப் பத்தையும் சேர்த்தால் 7,090. அறுபதால் வகுத்தால் சராசரி 118. ஆறு செகண்டுக்கு ஒருமுறை பளிச்சென்று தெரியும்படி படம் நின்றிருக்கிறது, சராசரியில் குறைந்தது இரண்டே இரண்டு.

"அதற்குத்தானே 1% லோ பார்க்கிறோம்" என்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 7,090 ஃபிரேமில் ஒரு சதவீதம் என்றால் ஏறக்குறைய 71 ஃபிரேம். நம்மிடம் இருக்கும் மோசமான ஃபிரேம் பத்துதான். ஃபிரேம்களை நேரவாரியாக அடுக்கி, மோசமான பக்கத்திலிருந்து 71ஆவது எது என்று பார்க்கும் கருவி 8.33 மில்லி செகண்டு என்றே சொல்லும். அதாவது 1% லோ 120. இதே 71 ஃபிரேமையும் கூட்டிச் சராசரி எடுக்கும் கருவி 47 என்று சொல்லும். ஒரே ஓட்டம், ஒரே பெயர், இரண்டு எண். விமர்சன வீடியோவில் 1% லோ அழகாக இருக்கிறது, உங்கள் வீட்டில் அதே கார்டு திக்குகிறது என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம், விமர்சனம் செய்பவர்கள் ஒரே காட்சியைப் பலமுறை ஓட்டி அளப்பார்கள். முதல் ஓட்டத்திலேயே ஷேடர்கள் தயாராகிவிடும், அப்புறம் வரும் எண்கள் சுத்தமாக இருக்கும். நீங்களோ ஒவ்வொரு காட்சியையும் முதல்முறையாகப் பார்க்கிறீர்கள்.

ஆகவே பார்க்க வேண்டியது ஃபிரேம் டைம் வரைபடம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இருந்தால் Settings, Monitoring போய் Frametime வரியில் Show in On-Screen Display டிக் செய்து, பக்கத்தில் text என்று இருப்பதை graph ஆக்குங்கள். கோடு படுத்தபடி போனால் படம் வழுவழுப்பாக இருக்கும். நடுநடுவே ஊசி போல் மேலே குத்தி நின்றால், அதுதான் நீங்கள் உணர்ந்த உறைவு.

உள்ளே நடப்பது என்ன

ஷேடர் என்பது கிராபிக்ஸ் கார்டு ஓட்டும் சின்னச் சின்ன நிரல். ஒரு பொருளின் மேல் ஒளி எப்படி விழ வேண்டும், புகை எப்படிக் கலங்கித் தெரிய வேண்டும் என்பதெல்லாம் ஷேடரில் எழுதப்பட்டிருக்கும். கேமை டவுன்லோடு செய்யும்போது இந்த நிரல்கள் ஒரு பொதுவான இடைநிலை வடிவில்தான் வருகின்றன. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என்று ஒவ்வொரு நிறுவனத்தின் சிப்புக்கும் கட்டளை மொழி வேறு. ஒரே நிறுவனத்திலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதனால் உங்கள் கார்டுக்கு உரிய கடைசி வடிவத்தை உங்கள் கம்ப்யூட்டரிலேயே, உங்கள் டிரைவர்தான் தயாரிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு அல்ல. செட்டிங்கைக் குறைத்தும் உறைவு போகாததற்குக் காரணம் இதுதான். நீங்கள் குறைத்தது கார்டின் சுமையை, நின்றுபோனதோ பிராசஸர் பக்கம்.

டைரக்ட்எக்ஸ் 11 காலத்தில் இந்தத் தலைவலியில் பெரும்பகுதியை டிரைவர் மறைவாகப் பார்த்துக்கொண்டது. ஷேடரைத் தனியாக வாங்கி வைத்து, பின்னணியில் கம்பைல் செய்து, தேவைப்படும் நேரத்தில் சின்னத் திருத்தங்களோடு ஒட்டவைத்தது. 2015இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12உம் 2016இல் வந்த வல்கனும் அந்தப் பொறுப்பைக் கேம் உருவாக்குபவர்களிடமே கொடுத்தன. இவற்றில் ஷேடர், நிறக் கலப்பு முறை, ஆழச் சோதனை, வெளியீட்டு வடிவம் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டாக முன்கூட்டியே செய்யப்பட வேண்டும். அந்தக் கட்டுக்கு பைப்லைன் ஸ்டேட் ஆப்ஜெக்ட், சுருக்கமாக பிஎஸ்ஓ என்று பெயர். ஒரு பெரிய கேமில் இப்படிப்பட்ட சேர்க்கைகள் ஆயிரக்கணக்கில் வரும். எவையெல்லாம் உண்மையில் தேவைப்படும் என்று எஞ்சினுக்கு முன்கூட்டித் தெரியாவிட்டால், பொருள் திரையில் வரவேண்டிய அந்த ஃபிரேமிலேயே பிஎஸ்ஓ செய்ய உட்காரும். பந்தியில் ஆள் உட்கார்ந்த பிறகு உளுந்து ஊறப்போடுகிற கதைதான். சாதாரண பிஎஸ்ஓ சில மில்லி செகண்டில் முடியலாம், சிக்கலானது நூறையும் தாண்டலாம். 120 எஃப்பிஎஸ்ஸில் உங்களிடம் இருப்பது 8.33 மட்டும்.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களில் இந்தத் தொல்லை இல்லை. சிப் ஒன்றே ஒன்று என்பதால் கடைசி வடிவத்தையே டிஸ்கில் போட்டு அனுப்பிவிடலாம். கன்சோலில் நன்றாக ஓடிய கேம் பலமான பிசியில் திக்குவதைப் பார்த்துப் பலர் கார்டைச் சந்தேகப்படுவது இதனால்தான்.

அறிகுறி: முதல்முறை மட்டும் உறைகிறது, இரண்டாம் முறை இல்லை

ஷேடர் கம்பைலின் கையெழுத்து இது. கம்பைல் செய்த முடிவை டிரைவர் டிஸ்கில் கேஷாகச் சேமித்து வைக்கும். அதனால் அதே வெடிப்பு, அதே கதவு, அதே எதிரி இரண்டாவது முறை வரும்போது உறைவு இருக்காது.

சோதனை எளிது. ஒரு சேவ் பாயிண்டிலிருந்து இரண்டு நிமிடம் ஓடக்கூடிய ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள், இதுவரை நீங்கள் போகாத பகுதியாக இருக்கட்டும். ஒருமுறை ஓடுங்கள். கேமை முழுவதும் மூடித் திறந்து, அதே சேவிலிருந்து அதே பாதையில் மறுபடி ஓடுங்கள். கேமை மூடித் திறப்பது முக்கியம், இல்லாவிட்டால் நினைவகத்தில் ஏற்கெனவே ஏற்றிய பொருள்கள் கணக்கைக் குழப்பிவிடும். அப்படிச் செய்தும் வின்டோஸ் சில கோப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கும். ஐயம் தீர வேண்டுமென்றால் இரண்டாம் ஓட்டத்துக்கு முன் கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

கண்ணை நம்பாமல் கோப்பாக எடுக்க விரும்புபவர்களுக்கு இன்டெல்லின் இலவசக் கருவி பிரசென்ட்மான் இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்டு விண்டோவில் இப்படி. நீங்கள் டவுன்லோடு செய்த கோப்பின் பெயரையும் உங்கள் கேமின் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள்:

```
PresentMon.exe --process_name Game.exe --output_file run1.csv --timed 120
```

கிடைக்கும் கோப்பை எக்ஸலில் திறந்து ஃபிரேம் டைம் பத்தியைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். பதிப்புக்கேற்பப் பத்திகளின் பெயர் சற்று மாறும். ஷேடர் உறைவு இருந்தால் ஏறக்குறைய இப்படித் தெரியும் (எண்கள் மாதிரிக்காக நான் போட்டவை):

```
FrameTime  CPUBusy  GPUBusy
8.3        5.1      8.0
104.6      104.1    8.4
8.4        5.2      8.1
```

நடு வரியைப் பாருங்கள். கார்டு அந்த ஃபிரேமை வரைய எடுத்துக்கொண்டது வழக்கமான 8.4 மில்லி செகண்டுதான். மீதி நேரம் முழுக்க அது சும்மா காத்திருந்தது. பிராசஸர் பக்கம்தான் 104 போயிருக்கிறது. இப்படி இருந்தால் கார்டின் மேல் தவறில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் இதைக்கொண்டு ஷேடர்தான் என்று முடிவு கட்ட முடியாது, டிஸ்கிலிருந்து புதுப் பகுதியை ஏற்றும் வேலையும் இதே மாதிரிதான் தெரியும். இரண்டாம் ஓட்டத்தின் கோப்பை வைத்துத்தான் அதைப் பிரிக்க முடியும்.

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். முதல் ஓட்டத்தில் 50 மில்லி செகண்டுக்கு மேல் பத்து ஃபிரேம். இரண்டாம் ஓட்டத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு பெரிய கதவைத் தாண்டும் இடத்தில், முதல் ஓட்டத்திலும் அதே இடத்தில் இருந்தது. ஒன்பது ஷேடர் கம்பைல், ஒன்று பகுதி ஏற்றும் உறைவு. இரண்டும் ஒரே கேமில் கலந்து வருவதுதான் வழக்கம். "கேஷ் எல்லாம் சரிசெய்தும் இன்னும் திக்குகிறது" என்று புலம்பும் பலருக்கு மிச்சமிருப்பது இந்தப் பத்தாவது ஃபிரேம்.

சரி, அந்த ஒன்பதுக்கு என்ன செய்யலாம்?

முதல் வழி, கேமிலேயே ஷேடர்களை முன்கூட்டிக் கம்பைல் செய்யும் திரை இருந்தால் அதை முழுவதும் ஓட விடுவது. சில கேம்களில் மெனு வந்த பிறகும் பின்னணியில் கம்பைல் நடந்துகொண்டிருக்கும், மூலையில் சின்னதாக ஒரு சதவீத எண் ஓடும். பொறுமை இல்லாமல் உடனே உள்ளே போனால் அந்த வேலையும் உங்கள் கேமும் ஒரே பிராசஸருக்கு அடித்துக்கொள்ளும். 2023 மார்ச்சில் பிசிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 இந்தக் காத்திருப்புக்காகவே திட்டு வாங்கியது. காத்திருப்பு எரிச்சல்தான், ஆனால் விளையாட்டின் நடுவே உறைவதை விட எனக்கு அது பரவாயில்லை.

இரண்டாவது, டைரக்ட்எக்ஸ் 11 முறை இருந்தால் அதில் ஓட்டிப் பார்ப்பது. அன்ரியல் எஞ்சின் 4இல் செய்த பல கேம்களில் ஸ்டீமில் கேமை ரைட் கிளிக் செய்து, Properties, Launch Options பெட்டியில் இதைப் போட்டால் போதும்:

```
-dx11
```

வேலை செய்தால் உறைவுகள் கணிசமாகக் குறையும். ஆனால் ரே டிரேசிங், ஃபிரேம் ஜெனரேஷன் போன்ற டைரக்ட்எக்ஸ் 12ஐ நம்பியிருக்கும் வசதிகள் போய்விடும், சில கேம்கள் திறக்கவே மறுக்கும். திறக்காவிட்டால் அந்த வரியை அழித்தால் போதும், வேறெதுவும் கெடாது.

மூன்றாவது, கேமின் பேட்ச். 2022 டிசம்பரில் வெளியான தி கலிஸ்டோ புரோட்டோகால் பிசியில் கடுமையாகத் திக்கியது. வெளியான கையோடு வந்த பேட்ச் ஷேடர் கம்பைலைத்தான் முதலில் தொட்டது. அதுவும் அன்ரியல் எஞ்சின் 4தான். அந்த எஞ்சினின் பழைய முறையில், கேம் செய்பவர்கள் தாங்களே முழுக்க விளையாடி, வரும் பிஎஸ்ஓக்களைப் பதிவு செய்து அந்தப் பட்டியலைக் கேமோடு கொடுக்க வேண்டும். சோதனை செய்தவர் ஒரு மூலைக்குப் போகவில்லை என்றால் அந்த மூலையில் நீங்கள் உறைவீர்கள். 2022 நவம்பரில் வந்த அன்ரியல் 5.1 முதல், பொருள் நினைவகத்துக்கு ஏறும்போதே தேவையான பிஎஸ்ஓவைக் கணித்துப் பின்னணியில் செய்யும் வசதி உண்டு. ஆனால் பழைய பதிப்பில் முடித்த கேமுக்கு அது தானாக வந்து சேராது. இந்த இடத்தில் உங்கள் கையில் இருப்பது குறைவு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கேம் வந்த முதல் வாரத்தில் வாங்காமல் இருப்பதே சில நேரம் நல்ல மருந்து.

எவையெல்லாம் உதவாது என்றும் சொல்லிவிடுகிறேன், காசும் நேரமும் மிச்சம். இன்னும் பெரிய கிராபிக்ஸ் கார்டு உதவாது. ரெசல்யூஷனைக் குறைப்பதும் அப்படித்தான். ஃபிரேம் ஜெனரேஷன் எண்ணை இரட்டிப்பாக்கும், ஆனால் அது இரண்டு நிஜ ஃபிரேம்களுக்கு நடுவில் ஒன்றைச் செருகும் வித்தை. அடுத்த நிஜ ஃபிரேம் வராமல் செருகவும் முடியாது. ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் திரைகள் சின்ன ஏற்ற இறக்கத்தை மறைக்கும், 100 மில்லி செகண்டு நிற்பதை மறைக்காது. வேகமான பிராசஸர் உறைவின் நீளத்தைக் குறைக்கும், 100 என்பது 60 ஆகலாம். 60 ஆனாலும் கண்ணுக்குத் தெரியும்.

அறிகுறி: நேற்றுவரை நன்றாக ஓடியது, டிரைவர் மாற்றியதும் திரும்ப வந்துவிட்டது

இது கோளாறே அல்ல. புது டிரைவர் என்றால் கம்பைலரும் புதிது, பழைய கேஷ் செல்லாது. கார்டை மாற்றினாலும், கேமுக்குப் பெரிய பேட்ச் வந்தாலும் இதே கதை. மறுபடி ஒருமுறை கம்பைல் ஆகும்வரை உறைவு இருக்கும். வாரம் ஒரு டிரைவர் ஏற்றிக்கொண்டே இருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே இதைச் செய்துகொள்கிறார்கள். விளையாடிக்கொண்டிருக்கும் கேமுக்கு உருப்படியான திருத்தம் எதுவும் இல்லையென்றால் டிரைவரை அப்படியே விடுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு தவறான வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். "திக்கினால் ஷேடர் கேஷை அழி" என்ற அறிவுரை எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது. கேஷை அழித்தால் தயாராக இருந்த எல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து கம்பைல் செய்ய வேண்டியிருக்கும். உறைவு கூடும். அழிப்பது பொருந்தும் இடங்கள் மிகச் சில: கேஷ் கெட்டுப்போய்த் திரையில் கோடுகள், கறுப்புத் திட்டுகள் தெரியும்போது, குறிப்பிட்ட இடத்தில் கேம் மூடிக்கொள்ளும்போது, வேறு நிறுவனத்தின் கார்டுக்கு மாறிய பிறகு இடம் மிச்சம் பிடிக்க. ஏஎம்டியில் கிராபிக்ஸ் செட்டிங்கின் அடியில் Reset Shader Cache என்ற பொத்தான் உண்டு. என்விடியாவில் கேமை மூடிவிட்டு இந்த இடங்களில் இருப்பதை அழிக்கலாம்; புது டிரைவர்கள் இரண்டாவதைத்தான் பயன்படுத்துகின்றன:

```
%LOCALAPPDATA%\NVIDIA\DXCache
%USERPROFILE%\AppData\LocalLow\NVIDIA\PerDriverVersion\DXCache
```

அறிகுறி: ஒவ்வொரு நாளும் முதல்முறை போலவே உறைகிறது

டிரைவர் மாறவில்லை, பேட்ச் வரவில்லை, நேற்று சரியான இடம் இன்று மறுபடி உறைகிறது. அல்லது ஷேடர் கம்பைல் திரை ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. கேஷ் தங்கவில்லை என்று பொருள்.

முதலில் சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் என்விடியா கன்ட்ரோல் பேனலில் Manage 3D settings, Global Settings போய் Shader Cache Size எவ்வளவு என்று பாருங்கள். எங்கோ படித்துவிட்டு யாரோ Disabled என்றோ மிகச் சிறிய அளவோ வைத்திருந்தால் விடை அங்கேயே கிடைத்துவிடும். பல பெரிய கேம்களை மாற்றி மாற்றி விளையாடுபவர் 10 GB வைக்கலாம். ஒரு கேமின் கேஷ் இன்னொன்றை வெளியே தள்ளாமல் இருக்கும்.

அடுத்த சந்தேகம், தினமும் குப்பை அள்ளும் கிளீனர் மென்பொருள். வின்டோஸின் சொந்த டிஸ்க் கிளீனப்பிலேயே DirectX Shader Cache என்று ஒரு வரி உண்டு. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். கடைகளில் புதுக் கம்ப்யூட்டரோடு ஏற்றித் தரும் "பூஸ்டர்" வகை மென்பொருள்களையும் நீக்கிவிடுவது நல்லது, அவை பூஸ்ட் செய்து நான் பார்த்ததில்லை.

அறிகுறி: ஒரே இடத்தில், எத்தனை முறை போனாலும் உறைகிறது

இது பகுதி ஏற்றும் உறைவு. நீங்கள் ஒரு எல்லையைத் தாண்டும்போது கேம் அடுத்த பகுதியின் பொருள்களை ஏற்றுகிறது, பழையவற்றை அகற்றுகிறது. கேஷுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கேம் ஹார்டு டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே எஸ்எஸ்டி என்றால் அதிலும் வேகமானதை வாங்குவதால் பெரிய மாற்றம் வராது, ஏனெனில் பெரும்பாலும் நேரம் போவது படிப்பதில் அல்ல, படித்ததைப் பிராசஸர் ஒழுங்குபடுத்துவதில். கூட்டத்தின் அடர்த்தி, எவ்வளவு தூரம் வரை பொருள்கள் தெரிய வேண்டும் என்ற செட்டிங்குகளைக் குறைத்தால் உறைவு சிறியதாகும். எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு வரம்பு வைத்தாலும் பிராசஸருக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.

எல்டன் ரிங் நல்ல பாடம். 2022இல் வந்தபோது பிசியில் அது திக்குவதற்கு ஷேடர்தான் காரணம் என்றே பரவலாகப் பேசப்பட்டது. ஸ்டீம் டெக்கில் அதைச் சரிசெய்த வால்வின் பொறியாளர்கள் சொன்னது வேறு. கேம் சில இடங்களில் கமாண்டு பஃபர் போன்றவற்றை ஆயிரக்கணக்கில் உருவாக்கித் தள்ளுகிறது, நினைவகத்தை நிர்வகிக்கும் பகுதி அதில் திணறுகிறது, பெரிய உறைவுகளில் பெரும்பாலானவை ஷேடரால் வந்தவை அல்ல என்றார்கள். அவற்றைக் கையாளும் விதத்தை மாற்றியதும் நிலைமை சீரானது. உறைகிற எல்லாவற்றுக்கும் ஷேடர் என்று பெயர் வைக்காமல் இருப்பதற்கு இது போதும்.

அறிகுறி: ஆரம்பத்தில் நன்றாக, அரை மணி நேரம் கழித்து மோசமாகிறது

ஷேடர் உறைவு நேரம் போகப் போகக் குறையும். இது கூடுகிறது என்றால் முதலில் கார்டின் நினைவகத்தைப் பாருங்கள், குறிப்பாக 8 GB கார்டுகளில். டாஸ்க் மேனேஜரில் Performance, GPU போய் Dedicated GPU memory விளிம்பைத் தொடுகிறதா, அதே நேரம் Shared GPU memory ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஷேர்டு கொஞ்சம் எப்போதும் இருக்கும், அது வழக்கம்தான். டெடிகேட்டட் நிரம்பியபின் அது தாவி ஏறினால், கார்டில் இடமில்லாத பொருள்கள் பொது நினைவகத்துக்கும் கார்டுக்கும் இடையே அலைகின்றன. டெக்ஸ்சர் செட்டிங்கை ஒரு படி இறக்குங்கள். இந்த வகையில் செட்டிங்கைக் குறைத்ததும் உடனே குணம் தெரியும். நினைவகம் காலியாக இருந்தும் மோசமானால் வெப்பத்தைப் பாருங்கள்.

அறிகுறி: உறைவே இல்லை, ஆனாலும் வழுவழுப்பாக இல்லை

ஃபிரேம் டைம் வரைபடத்தில் ஊசிகள் இல்லை, ஆனால் கேமரா திருப்பும்போது நடுங்குகிறது. 144 ஹெர்ட்ஸ் திரையில் விசிங்க்கோடு 60க்கு வரம்பு வைத்தால் சில ஃபிரேம்கள் இரண்டு புதுப்பிப்பு நேரமும் சில மூன்றும் திரையில் நிற்கும், 13.9, 20.8 மில்லி செகண்டு என்று கலந்து வரும். வரம்பை 72 ஆக வைத்தால் எல்லாம் சமமாக இரண்டு இரண்டு. ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் இருந்தால் அதை ஆன் செய்தாலே போதும்.

அறிகுறி: ஷேடர் கம்பைல் திரையிலேயே கேம் மூடிக்கொள்கிறது

கம்பைல் செய்வது பிராசஸரின் எல்லாக் கோர்களையும் முழுதாக வேலை வாங்கும் வேலை. அதனால் நிலையில்லாத பிராசஸர் முதலில் விழுவது இந்த இடத்தில். அன்ரியல் கேம்களில் அப்போது வரும் செய்தி ஆளைத் திசைதிருப்பும்:

```
Out of video memory trying to allocate a rendering resource
```

24 GB கார்டு வைத்திருப்பவருக்கும் இதே செய்தி வந்தது, கார்டை மாற்றியும் பார்த்தார்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில், அதிலும் 13900K, 14900K போன்ற மேல்நிலை மாடல்களில், அதிக வோல்டேஜால் சிப் நாளடைவில் கெடுவதுதான் மூலம் என்று 2024இல் இன்டெல் ஒத்துக்கொண்டது. அந்த ஆகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோடும் அதற்கடுத்து 0x12B என்பதும் மதர்போர்டு பயாஸ் வழியாக வந்தன. பயாஸைப் புதுப்பிப்பது இனிமேல் கெடாமல் காக்கும். ஏற்கெனவே கெட்ட சிப்பை அது மீட்டுத் தராது. அப்படிப்பட்ட சிப்புக்கு இன்டெல் வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறது, மாற்றிக் கேட்கலாம். வேறு பிராசஸர் என்றால், ஓவர்கிளாக்கையும் ரேமின் எக்ஸ்எம்பி அமைப்பையும் அணைத்துவிட்டு மறுபடி கம்பைல் ஓட விட்டுப் பாருங்கள்.

லினக்ஸ், ஸ்டீம் டெக் பக்கம்

ஸ்டீம் டெக் கன்சோல் போன்ற ஒரே வகை சிப் என்பதால், மற்றவர்களின் டெக்கில் உருவான ஷேடர் கேஷை ஸ்டீமே டவுன்லோடாக அனுப்பிவிடும். கேமோடு சேர்ந்து அடிக்கடி வரும் அந்தச் சின்ன அப்டேட்டுகள் இவைதான், எரிச்சலில் அணைத்துவிடாதீர்கள். சாதாரண லினக்ஸ் பிசியில் டைரக்ட்எக்ஸ் 8 முதல் 11 வரையான கேம்களை வல்கனுக்கு மாற்றித் தருவது டிஎக்ஸ்விகே. 2022 நவம்பரில் வந்த அதன் 2.0 பதிப்பு, டிரைவர் ஆதரவு இருந்தால், ஷேடரை வரையும் நேரத்தில் இல்லாமல் கேம் ஏற்றும் நேரத்திலேயே கம்பைல் செய்யும். பழைய டிரைவரில் இந்த வசதி இல்லாமல் பின்வாங்கிவிடும், உறைவு தொடரும். மேலே டிரைவரைத் தொடாதீர்கள் என்று சொன்னதற்கு இது விதிவிலக்கு, 23.1 பதிப்புக்கு முந்தைய மெசா டிரைவரில் இருப்பவர்கள் புதுப்பித்தே ஆக வேண்டும். வின்டோஸிலும் இதே போல முன்பே கம்பைல் செய்த ஷேடர்களை டவுன்லோடோடு அனுப்பும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2025இல் அறிவித்து, எக்ஸ்பாக்ஸ் பெயரில் வந்த ஏசஸ் கையடக்கக் கருவிகளில் தொடங்கியது. டெஸ்க்டாப்பில் கார்டு, டிரைவர் சேர்க்கைகள் கணக்கில்லாமல் இருப்பதால் அங்கு இது அவ்வளவு எளிதில்லை.